சுவரை நக்கும் மாட்டுக்கு எவ்வளவு தாது உப்புக் கலவை கொடுப்பது?

கேள்வி: "கன்று போட்டு நாலு மாசம் ஆச்சு, தினம் எட்டு லிட்டர் கறக்குது. ஆனா சுவரை நக்குது, துணியை மெல்லுது, இன்னும் பருவத்துக்கே வரலை. தாது உப்புக் கலவை கொடுத்தா சரியாகுமா? எவ்வளவு கொடுக்கணும்?"

கொடுங்கள், இன்றைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நாளைக்கு 50 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, தீவனத்தில் கலந்து. ஆனால் அதற்கு முன் குடற்புழு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாச்சு என்று பாருங்கள். வயிற்றில் புழு இருக்கிற மாட்டுக்கு எதைக் கொடுத்தாலும் பாதி வீண்தான்.

ஏன் இந்த உப்பு தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியமும், 1 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக பாஸ்பரஸும் போகிறது. எட்டு லிட்டர் என்றால் தினம் கிட்டத்தட்ட 10 கிராம் கால்சியம் மடி வழியாக வெளியே போகிறது. தின்பதில் இருக்கிற கால்சியம் முழுவதும் மாட்டின் உடம்பில் சேராது, பாதிகூடச் சேராது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாலுக்கு மட்டுமே தீவனத்தில் 20 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், அதன் சொந்த உடம்புக்கு வேண்டியது தனி. வைக்கோலில் அவ்வளவு கிடைக்காது. அதுவும் நெல் வைக்கோலில் இருக்கும் ஆக்சலேட், இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பரஸ் இன்னும் மோசம், ஆறு கிலோ வைக்கோல் தின்றாலும் ஐந்தாறு கிராம்தான் தேறும். தவிடு போட்டால் பாஸ்பரஸ் ஏறும், ஆனால் தவிட்டில் கால்சியம் மிகக் குறைவு. வைக்கோலும் தவிடும் மட்டும் தின்கிற மாடு ஒரு பக்கம் நிரம்பினால் இன்னொரு பக்கம் காலியாகவே இருக்கும். மாடு உடனே கறவையைக் குறைக்காது, முதலில் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் பற்றாக்குறை வெளியே தெரிய மாசக்கணக்கில் ஆகிறது.

எங்கள் மாட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது ஈற்று, நல்ல கறவை. கொடியில் காயப்போட்ட துண்டை இழுத்து மென்றுகொண்டிருந்தது, நாங்கள் பசி என்று நினைத்து வைக்கோலைக் கூட்டினோம். அப்புறம் தொழுவத்து மண் சுவரில் அது நிற்கிற உயரத்துக்கு நக்கி நக்கி ஒரு குழியே விழுந்திருந்தது. கருப்பு மாடு, ஆனால் முதுகு முடி செம்பட்டையாக மாறி, கண்ணைச் சுற்றி வெளிறிப்போய்க் கண்ணாடி போட்ட மாதிரி தெரிந்தது. ஐந்து மாசம் ஆகியும் பருவ அறிகுறியே இல்லை. கால்நடை மருத்துவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கருப்பையில் கோளாறு இல்லை, சினைப்பைதான் வேலை செய்யாமல் கிடக்கிறது என்றார்.

ஒவ்வொன்றும் ஒன்றைச் சொல்கிறது. மண், துணி, எலும்பு, பிளாஸ்டிக் என்று கண்டதைத் தின்றால் முதலில் பாஸ்பரஸைச் சந்தேகப்படுங்கள், சில நேரம் சாதாரண உப்பு குறைந்தாலும் நக்கும். கருமுடி செம்பட்டையாவதும் கண்ணைச் சுற்றி வெளிறுவதும் தாமிரக் குறைவு. தோல் தடித்துப் பொருக்குத் தட்டினால், அதுவும் காலிலும் காம்பைச் சுற்றியும், துத்தநாகம் குறைந்திருக்கலாம். கன்று கழுத்து வீங்கியோ முடி இல்லாமலோ பிறந்தால் அயோடின். பருவத்துக்கு வராமல் இருப்பதும், ஊசி போட்டும் சினை நிற்காமல் திரும்பத் திரும்ப வருவதும் இவற்றில் பலவற்றுக்குப் பொதுவான அறிகுறி. ஆனால் மாடு மெலிந்து எலும்பு தெரிகிறது என்றால் அங்கே குறைவது சத்துத் தீவனம், உப்பு மட்டும் கொடுத்துப் பருவத்துக்கு வராது.

இப்போது கொடுக்கிற முறைக்கு வருகிறேன், பெரும்பாலும் தப்பு இங்கேதான் நடக்கிறது. முதல் ஒரு மாசம் நாங்கள் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துக் கொடுத்தோம். ஒருநாள் தொட்டியைக் கழுவும்போதுதான் பார்த்தேன், அடியில் வெள்ளையாக ஒரு விரல் கனத்துக்கு அடை மாதிரி படிந்து கிடந்தது. அது கரைகிற பொருள் இல்லை! கொடுத்ததில் பெரும்பங்கு தொட்டியில்தான் இருந்திருக்கிறது. அடர் தீவனத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, அதில் தூவிக் கலந்தால்தான் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். புது வாசனைக்கு மாடு முகத்தைத் திருப்பினால் முதல் நான்கு நாள் 10 கிராமில் தொடங்கி ஏற்றுங்கள். தராசில் ஒரே ஒரு தடவை 25 கிராம் எடைபோட்டு, அது ஒரு கரண்டியில் எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டால் தினம் சந்தேகம் வராது. கைப்பிடி அளவை நம்பாதீர்கள், வீட்டில் ஆளுக்கு ஒரு கை.

வீட்டிலேயே தீவனம் கலக்கிறீர்கள் என்றால் இன்னும் சுலபம்: 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ சாதா உப்பு. இரண்டரை கிலோ தின்கிற மாட்டுக்கு 50 கிராம் போய்விடும், அதிகம் கறந்து ஐந்து கிலோ தின்கிற மாட்டுக்குத் தானாகவே 100 கிராம். ஆனால் கடையில் வாங்கும் தீவனத்தில் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், மூட்டைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். கன்றுகளுக்கு 10 முதல் 20 கிராம், கிடேரிக்கு 30 கிராம் அளவில் போதும். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஒவ்வொரு கலவையின் அடர்த்தியும் வேறு.

50 கிராமில் எல்லாம் ஈடாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கால்சியம் 20 சதவீதம் உள்ள கலவை என்றால் அதில் கிடைப்பது 10 கிராம்தான். மீதிக்கு அகத்தி, சூபாபுல், வேலிமசால் மாதிரி பயறு வகைப் பசுந்தீவனம் ஏதாவது கொஞ்சம் தினம் வேண்டும்.

எங்கள் மாடு சுவர் நக்குவதை மூன்று வாரத்தில் விட்டது. முடி நிறம் மாற இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது, புது முடி முளைத்து வந்தால்தானே நிறம் வரும். பருவத்துக்கு வந்தது அதற்கும் பிறகு. அதனால் பத்து நாள் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். மூன்று மாசம் தாண்டியும் வராவிட்டால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கன்று போட்ட ஓரிரு நாளில் மாடு தள்ளாடி, காது சில்லிட்டு, கழுத்தை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்துவிட்டால் அது பால் காய்ச்சல். அப்போது வாயில் உப்புக் கலவை புகட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், கால்சியத்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அப்புறம், வீட்டில் செம்மறி ஆடு இருந்தால் மாட்டுக் கலவையை அதற்குப் போடாதீர்கள். மாட்டுக்குப் போதுமான தாமிரம் செம்மறிக்கு விஷம், ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும்.