முன்பதிவு வேகத்திலிருந்து இறுதி வருகையைக் கணிப்பது: கேள்வி பதில்

கருத்தரங்கு நடத்துபவர்: எங்கள் கருத்தரங்குக்கு இன்னும் 28 நாள் இருக்கிறது, இதுவரை 180 பேர் பதிந்திருக்கிறார்கள். முந்தைய மூன்றிலும் இதே கட்டத்தில் 120, 200, 162 பேர். கடைசியில் அவை 400, 500, 450 ஆயின. இம்முறை எத்தனை பேரை எதிர்பார்க்கலாம்?

பதில்: இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம். முதலாவது விகிதம். பழைய மூன்றிலும் 28 நாளுக்கு முன் மொத்தத்தில் 30, 40, 36 சதவீதம் பதிவாகியிருந்தது. அந்த விகிதங்களை 180-க்குப் பொருத்தினால் 600, 450, 500 என்று வருகிறது. 450-க்கும் 600-க்கும் நடுவில் என்று சொன்னால் எந்த அரங்கை எடுப்பீர்கள்?

இரண்டாவது கூட்டல். அந்தக் கட்டத்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் 280, 300, 288. இவற்றை 180-உடன் கூட்டினால் 460, 480, 468.

விடைகள் நெருங்கி நிற்பதாலேயே கூட்டல் சரியென்று ஆகிவிடாது. பழைய கருத்தரங்கு ஒன்றை மறைத்துவிட்டு, மற்ற இரண்டின் சராசரியைக் கொண்டு அதைக் கணித்துப் பாருங்கள். முதலாவதற்கு விகிதம் 316 என்கிறது, கூட்டல் 414 என்கிறது, நடந்தது 400. இரண்டாவதற்கு விகிதம் 606, கூட்டல் 484; நடந்தது 500. உங்களிடம் கடைசி நான்கு வாரத்தில் வரும் கூட்டம், முன்கூட்டிப் பதிந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துப் பெரிதாக ஏறுவதோ இறங்குவதோ இல்லை. அதனால் 470-ஐ ஒட்டி என்பேன். கையில் இருப்பது மூன்றே நிகழ்வுகள் என்பதால் 440 முதல் 500 வரை இடம் விட்டு வையுங்கள்.

பயிற்சி வகுப்பு அமைப்பாளர்: நாங்கள் பதிவு திறந்த நாளிலிருந்து எண்ணுகிறோம். பத்தாம் நாளில் போன முறையைப் போல இருமடங்கு பதிவு. அப்படியானால் கூட்டமும் இருமடங்குதானே?

பதில்: திறந்ததும் பாய்ந்து வருபவர்களை அப்படி எண்ணுவது சரிதான். மற்றவர்கள் நிகழ்ச்சி எப்போது என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். போன முறை 60 நாள் முன்பும் இம்முறை 35 நாள் முன்பும் திறந்திருந்தால் உங்கள் பத்தாம் நாள்கள் இரண்டும் வெவ்வேறு கட்டங்கள். நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

சலுகைக் கட்டணக் கெடு இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். கெடுவுக்கு முந்தைய இரண்டு நாளில் கோடு செங்குத்தாக ஏறும், அப்புறம் படுத்துவிடும். போன முறை கெடு நிகழ்ச்சிக்கு 30 நாள் முன்பும் இம்முறை 20 நாள் முன்பும் இருந்தால், 28 நாள் முன்பு ஒப்பிட்டு வீணாகப் பயப்படுவீர்கள். இரண்டு கெடுவும் தாண்டிய பிறகே ஒப்பிடுங்கள்.

இன்னொருவர்: எங்கள் அரங்கில் 300 இருக்கை. மூன்று முறையும் நிரம்பிவிட்டது. எங்களுக்கு இது தேவையே இல்லை, அல்லவா?

பதில்: பெரிய அரங்குக்கு மாறும் எண்ணம் இல்லையென்றால் தேவையில்லை. மாறுவதாக இருந்தால் அந்த 300-ஐ இறுதி எண்ணாக எடுக்காதீர்கள். கதவை மூடியதால் நின்ற எண் அது. நிரம்புவதற்கு முந்தைய பகுதியும் காத்திருப்போர் பட்டியலும் மட்டுமே எதையாவது சொல்லும்.

புள்ளியியல் படித்தவர்: ஓட்டல் அறைப் பதிவில் இந்தக் கூட்டல் முறையை 'பிக்-அப்' என்பார்கள். ஆனால் மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, ஓர் உச்சவரம்பில் படுத்துவிடும் லாஜிஸ்டிக் வளைவைப் பொருத்தினால் பழைய நிகழ்வுகளே தேவைப்படாதே?

பதில்: வளைவு வளையத் தொடங்கும் முன் 400-இல் நிற்கும் கோடும் 900-இல் நிற்கும் கோடும் ஏறக்குறைய அதே புள்ளிகள் வழியாகத்தான் போகும். உச்சவரம்பு எங்கே என்று தரவு சொல்லாது.

புள்ளியியல் படித்தவர்: பாதி கடந்த பிறகு?

பதில்: வளைந்தால் சொல்லும். ஆனால் பல நிகழ்ச்சிகளில் கடைசி வாரம்தான் மிகச் செங்குத்து. வளைவதற்குள் நிகழ்ச்சியே வந்துவிடுகிறது. உச்சவரம்பைப் பழைய நிகழ்வுகளிலிருந்து எடுத்து, வடிவத்தை மட்டும் பொருத்தலாம் என்றால் நானும் வருகிறேன். மூன்று நிகழ்வுகள் அதற்குப் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

கருத்தரங்கு நடத்துபவர்: அப்படியானால் 470 நாற்காலி சொல்லிவிடட்டுமா?

பதில்: பொறுங்கள். அந்த 120, 200, 162 எங்கிருந்து வந்தன? இன்று பழைய பட்டியலைத் தரவிறக்கி, தேதியைப் பார்த்து எண்ணினீர்களா? பிறகு ரத்து செய்தவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. உங்கள் 180-இல் இனிமேல் ரத்து செய்யப்போகிறவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். அப்படி ஒப்பிட்டால் இம்முறை வேகம் கூடியதுபோலத் தெரியும். ரத்தானவர்களையும் சேர்த்துப் பழையதை மறுபடி எண்ணுங்கள். முடியாவிட்டால் அன்றன்று அனுப்பிய மின்னஞ்சல் அறிக்கைகளில் தேடுங்கள்.

அடுத்தது, பதிந்தவர் எல்லோரும் வந்தார்களா? வாசலில் எடுத்த வருகைக் கணக்கை முன்கூட்டிப் பதிந்தவர், கடைசி வாரத்தில் பதிந்தவர் என்று பிரித்துப் பாருங்கள். நுழைவு இலவசமென்றால் இரண்டும் கணிசமாக வேறுபடலாம். அந்த இரண்டு எண்களும் வந்த பிறகு நாற்காலியைப் பேசுவோம்.