எஃப்.எஸ்.எச் எந்த நாளில் எடுத்தீர்கள்?

கேள்வி: வயது 31. கல்யாணமாகி எட்டு மாதம். பீரியட்ஸ் மாதா மாதம் சரியாக வருகிறது. ஏ.எம்.எச் 0.9, எஃப்.எஸ்.எச் 13.4 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்கு முட்டை தீர்ந்துவிட்டதா? நேராக ஐ.வி.எஃப் தானா?

நான் டாக்டர் இல்லை. கடலூரில் ஒரு லேபில் பதினோரு வருடமாக டெக்னீசியன். ஆனால் உங்கள் ரிப்போர்ட் மாதிரியே ஒன்று என் வீட்டுக்கும் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

என் தங்கை லாஸ்பேட்டையில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு 31 வயது. "விசேஷம் ஏதும் உண்டா" என்று மாமியார் வீட்டில் கேட்க ஆரம்பித்ததும், யாரிடமும் சொல்லாமல் ஒரு சனிக்கிழமை போய் ஹார்மோன் பேக்கேஜ் எடுத்துவிட்டாள். ஏ.எம்.எச் 0.8, எஃப்.எஸ்.எச் 14.2. அங்கே கவுண்டரில் இருந்தவர் "முட்டை கம்மிம்மா, லேட் பண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று இரவு போனில் அழுகை.

ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். கீழ் வரிகளைப் பார்த்தால், முட்டையை வெளியே விடச் சொல்லும் ஹார்மோனான எல்.எச் 41, சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடியால் 190. "எத்தனாவது நாள்ல எடுத்த?" என்று கேட்டேன். "தெரியலக்கா, பதிமூணு பதினாலு இருக்கும்" என்றாள். சரி, பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

எஃப்.எஸ்.எச் என்பது சினைப்பையில் சுரப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, சினைப்பையைக் கூப்பிடும் குரல் அது. கூப்பிட்டவுடன் வருகிற பிள்ளையை அம்மா கத்திக் கூப்பிட மாட்டாள். சினைப்பை சோர்ந்து, பதில் வராதபோதுதான் குரல் உயரும். அந்தக் குரலை அளக்க வேண்டிய நேரம் பீரியட்ஸ் ஆரம்பித்த இரண்டாம், மூன்றாம் நாள். முட்டை வெளிவரும் நேரத்தில் எல்.எச்சோடு சேர்ந்து எஃப்.எஸ்.எச்சும் எல்லாருக்குமே எகிறும். அன்றைக்கு 14 என்பது அவள் உடம்பு முட்டையை விடத் தயாராக இருந்ததற்கான அடையாளம், அவ்வளவுதான். பல ரிப்போர்ட்டில் இயல்பு அளவே கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக அச்சாகியிருக்கும். எங்கள் மெஷினுக்கு முதல் பாதியில் 12.5 வரை, முட்டை வெளிவரும் சமயம் 21.5 வரை. அந்தச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் நாள் காலையில் பஸ் ஏறி எங்கள் லேபுக்கே வந்தாள். எஃப்.எஸ்.எச் 7.9, எஸ்ட்ரடியால் 44. எஸ்ட்ரடியாலையும் சேர்த்துச் செய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது இரண்டாம் நாளிலேயே 80க்கு மேல் இருந்தால் எஃப்.எஸ்.எச்சை அமுக்கிவிடும். உள்ளே கோளாறு இருந்தும் பேப்பரில் 7 என்று நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். அதனால் எஃப்.எஸ்.எச்சை மட்டும் தனியாக எடுத்த ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன்.

ஏ.எம்.எச் கதை வேறு. அது சினைப்பையிலேயே சுரக்கும் ஹார்மோன். அதை எந்த நாளிலும் எடுக்கலாம், பெரிதாக மாறாது. எங்கள் லேபில் மறுபடி பார்த்தபோது 1.1 வந்தது. ஏறிவிட்டதா என்றால் இல்லை. மெஷின் மாறினால் இந்த அளவுக்கு வித்தியாசம் வரும். (இதைத்தான் சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மூன்று மாதம் பவுடர் கொடுத்து, வேறு லேபில் எடுக்க வைத்து, ஏ.எம்.எச் ஏறிவிட்டது என்பார்கள்.) கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்தாலும் குறைவாகக் காட்டும். 0.8 ஆனாலும் 1.1 ஆனாலும் 31 வயதுக்கு அது குறைவுதான். ஸ்கேனிலும் இரண்டு சினைப்பையிலும் சேர்த்து, முட்டையைச் சுமக்கும் சின்ன நீர்க்குமிழிகள் ஏழுதான் தெரிந்தன. அதை நான் அவளிடம் மறைக்கவில்லை.

ஆனால் எதில் குறைவு என்று பாருங்கள். குதிருக்குள் இருக்கும் நெல்லை ஏ.எம்.எச் அளப்பதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளிலிருந்து இந்த ஹார்மோன் வராது. விழித்துக்கொண்டு வளர ஆரம்பித்த சின்னக் குமிழிகள்தான் அதைச் சுரக்கின்றன. வாசலில் கொட்டிய நெல்லைப் பார்த்து உள்ளே எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிற கணக்கு இது. அப்புறம், விழித்தது பதினைந்தானாலும் ஐந்தானாலும் ஒரு மாதத்தில் முட்டையாக வெளியே வருவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் கரைந்து போகும். இயற்கையாகக் கருத்தரிக்க அந்த ஒன்று போதும். அந்த ஒன்று நல்ல முட்டையா என்பதை ஏ.எம்.எச் சொல்லாது, வயதுதான் ஓரளவு சொல்லும். 41 வயதில் ஏ.எம்.எச் 3 இருப்பவரின் முட்டையைவிட 31 வயதில் 0.9 இருப்பவரின் முட்டை நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2017இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்ததில்லை என்ற 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேர், இயற்கையாக முயல ஆரம்பித்த நேரத்தில் அவர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஏ.எம்.எச் 0.7க்குக் கீழே இருந்தவர்களில் ஆறு சுழற்சிக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 65 சதவீதம், சரியான அளவு இருந்தவர்களில் 62. எஃப்.எஸ்.எச் 10க்கு மேல் இருந்தவர்களும் பின்தங்கவில்லை. அந்த ஆய்வு பிரசவம் வரை போகவில்லை, கருத்தரிப்பை மட்டும்தான் பார்த்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஏ.எம்.எச் எதற்கு? ஐ.வி.எஃப்புக்கு. அங்கே போடும் ஊசி, கரைந்து போகிற மற்ற குமிழிகளையும் பிடித்து வளர்க்கிறது. பதினைந்து விழித்திருந்தால் பத்துப் பன்னிரண்டு முட்டை எடுக்கலாம், ஐந்து என்றால் மூன்று நான்கு. ஊசி அளவை முடிவு செய்யவும், எத்தனை முட்டை எதிர்பார்க்கலாம் என்று சொல்லவும் இந்த எண் நன்றாக உதவும். நாளைக்கு ஐ.வி.எஃப் தேவைப்பட்டால் உங்கள் 0.9 முக்கியமான எண் ஆகிவிடும். அதனால்தான், பொதுவாக 35க்குக் கீழே ஒரு வருடம் முயன்று பார்க்கச் சொல்லும் இடத்தில், உங்களை மாதிரி இருப்பவர்கள் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். எட்டு மாதம் ஆகிவிட்டதால் இப்போதே போங்கள்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் கணவருக்கு டெஸ்ட் எடுத்தாயிற்றா? என் தங்கை இரண்டு லேபில் ஊசி குத்திக்கொண்ட பிறகும் மாப்பிள்ளைக்கு ஒரு விந்தணுப் பரிசோதனை நடக்கவில்லை. அம்மாதான் கடைசியில் கேட்டார், "அவருக்கு என்னான்னு பாத்தீங்களா?" என்று. பார்த்தால் அவருக்குத்தான் அணுக்களின் ஓட்டம் குறைவு. கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்பதும் இந்த இரண்டு எண்களிலும் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது, ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த தேதியையும் அந்த மாதப் பீரியட்ஸ் ஆரம்பித்த தேதியையும் ஒப்பிடுங்கள். நடுமாதத்தில் எடுத்ததென்றால் 13.4ஐ மறந்துவிட்டு இரண்டாம் நாளில் எஸ்ட்ரடியாலோடு மறுபடி எடுங்கள். இரண்டாம் நாளிலேயே 13.4 என்றால் முட்டை இருப்பு குறைவு என்பது உறுதியாகிறது, ஆனாலும் முட்டை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பீரியட்ஸ் நாலைந்து மாதமாகத் தவறி, எஃப்.எஸ்.எச்சும் 25ஐத் தாண்டியவர்களின் நிலைமைதான் வேறு, அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. உங்களுக்குப் பீரியட்ஸ் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். உங்கள் அம்மாவுக்கு எந்த வயதில் பீரியட்ஸ் நின்றது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்பார்.