ராத்திரி 2 மணித் தலைவலி

"அம்மாவுக்கு 68 வயது. தினமும் ராத்திரி 2 மணிக்குத் தலைவலி எழுப்பிவிடுகிறது. பகலில் ஒன்றுமில்லை."

ஹிப்னிக் தலைவலியாக இருக்கலாம். தூக்கத்தில் மட்டுமே வரும். விழித்தபின் கால் மணியிலிருந்து 4 மணி நேரம் வரை நீடிக்கும். வேடிக்கை என்னவென்றால், இதற்குக் காபிதான் முதல் மருந்து. வலி எழுப்பியதும் ஒரு கப் ஸ்ட்ராங்காகக் குடிக்கட்டும். அதில் வலி குறைந்தால், படுக்கும் முன்பே குடித்துப் பார்க்கலாம். பலருக்குத் தூக்கம் கெடுவதில்லை.

ஆனால் காபியில் வலி அடங்கியது என்று டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் புதிதாக வரும் தலைவலிக்கு மூளை ஸ்கேன் அவசியம். இரவு ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இரண்டையும் பார்க்க வேண்டும். மெல்லும்போது தாடை வலித்தாலோ, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே ஓடுங்கள். அது ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் கண்ணே போய்விடும்.

காபி பலிக்காவிட்டால் இண்டோமெத்தசின், லித்தியம் என்ற மருந்துகள் உண்டு. லித்தியத்துக்குச் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம்.