கேள்வி பதில்: ஃபேஸ்புக் படத்திலிருந்து டேக்கை எடுப்பது, படத்தை எடுக்கச் சொல்வது

கவிதா: அக்கா கல்யாண ஆல்பத்தை அவ ஃப்ரெண்ட் போட்டிருக்கா. நான் வாய் நிறைய சாப்பிடுற படத்துல என்னை டேக் பண்ணியிருக்கா. உடனே டேக்கை எடுத்துடட்டுமா?

அவசரப்படாதீங்க. முதலில் அந்தப் படத்தைத் தனியாகத் திறந்து லிங்கை காப்பி பண்ணி வையுங்கள். போட்டவர் உங்கள் நண்பர் பட்டியலில் இல்லையென்றால், டேக் இருப்பதால்தான் படம் உங்களுக்கே தெரிந்துகொண்டிருக்கலாம். டேக்கை எடுத்ததும் அது உங்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடலாம். பிறகு எந்தப் படம் என்று அவருக்குக் காட்டுவது கஷ்டம், ரிப்போர்ட் பண்ணவும் வழியில்லை.

லிங்க் கைக்கு வந்தபின் மூன்று புள்ளியைத் தொட்டு `Remove tag` கொடுங்கள். ஆல்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் டேக் தனி. போஸ்ட்டுக்கு மேலே உங்கள் பெயர் இருந்தால் அது இன்னொரு டேக், அதையும் பாருங்கள். நிறைய இருந்தால் `Activity log`-க்குப் போய் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எடுக்கலாம்.

செந்தில்: டேக்கை எடுத்தா நம்ம பக்கத்துல இருந்து படம் போயிடுமே சார். அப்புறம் எதுக்கு அவங்ககிட்ட கெஞ்சணும்?

உங்கள் பக்கத்திலிருந்து போவது நிஜம். அவர் பக்கத்தில் அப்படியேதான் இருக்கும். அவர் `Friends` என்று வைத்திருந்தால், டேக் இருக்கும்வரை உங்கள் நண்பர்களுக்கும் படம் தெரியும். எடுத்தால் அந்தக் கூட்டம் குறையும். `Public` என்று வைத்திருந்தால் அந்த லாபமும் இல்லை.

கவிதா: அவகிட்ட எப்படி கேக்குறது? மூஞ்சி தூக்கிக்குவா.

கமெண்ட்டில் கேட்காதீங்க, நாலு பேர் வந்து சிரிப்பார்கள். இன்பாக்ஸில் லிங்கோடு இப்படி அனுப்பினால் போதும்: "அக்கா, ஆல்பம் நல்லா வந்திருக்கு. இந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துடுறீங்களா? மத்தது இருக்கட்டும்." ஆல்பத்தையே தூக்கணுமோ என்ற பயத்தில்தான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். அந்தப் படத்தைத் திறந்து மூன்று புள்ளியில் `Delete photo` கொடுத்தால் அது மட்டும் போகும், அதையும் சொல்லிவிடுங்கள். அவர் அழித்தால் ஷேர் பண்ணியவர்கள் பக்கத்திலும் படம் வராது. டவுன்லோடு செய்து மறுபடி போட்டவர்களிடம் தனித்தனியாகத்தான் கேட்கணும்.

ரஹீம்: எங்க வாட்ஸ்அப் குரூப்ல என் படம் இருக்கு. அங்க டேக் எங்கே இருக்கு?

அங்கே இந்த மாதிரி டேக் கிடையாது. அனுப்பியவர் சுமார் 2 நாள் 12 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம். அவர் அழிக்காவிட்டால் அட்மினைக் கேட்டுப் பாருங்கள். கேலரியில் இறங்கிய காப்பிக்கு உத்தரவாதமில்லை.

ஜெயா: ஃபேஸ்புக்ல படம் போட்டவர்கிட்ட கேட்டாச்சு, முடியாதுங்கிறார். ப்ளாக் பண்ணிடவா?

ப்ளாக் பண்ணினால் படம் உங்களுக்குத்தான் தெரியாது, ஊருக்குத் தெரியும். ரிப்போர்ட் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்னாடியே கொடுங்கள். அந்தரங்கப் படம் என்றால் எடுப்பார்கள். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படத்துக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அசிங்கமாக விழுந்த சாதாரணக் கல்யாணப் படத்தை ஃபேஸ்புக் எடுக்கும் என்று நம்பாதீங்க. இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

செந்தில்: டேக் ரிவ்யூவை ஆன் பண்ணிட்டா இனிமே யாரும் டேக் பண்ண முடியாதுதானே?

பண்ணலாம். `Profile and tagging`-இல் இருக்கும் அந்த ரிவ்யூ, டேக் ஆன படம் உங்கள் ப்ரொஃபைலுக்குள் வருவதைத்தான் நீங்கள் ஓகே சொல்லும்வரை நிறுத்தி வைக்கும். அதுவரை மற்றவர்களுடைய ஃபீடில் படம் ஓடிக்கொண்டிருக்கும்.