விளைச்சலுக்கு நன்றிப் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் நெல் பயிரிடும் குடும்பம். இந்த முறை அறுவடை விழாவில் எங்கள் வீட்டார் ஒரு நன்றிப் பாட்டுப் பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். எழுதியது இது:

சூரியனே உனக்கு நன்றி
மாமழையே உனக்கு நன்றி
உழவனின் வியர்வைத் துளியே
உனக்கும் எங்கள் நன்றி

தப்பாக எதுவும் இல்லை, ஆனால் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது. வீட்டில் பாடிப் பார்த்தால் மூன்றாவது வரியில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். இத்தனைக்கும் இந்தப் போகத்தில் எங்களுக்கு நடந்தது கொஞ்சமல்ல. தண்ணீர் இல்லாமல் தவித்தபோது பக்கத்து வயல்காரர் கொடுத்தார். பூக்கிற சமயத்தில் மேகம் கட்டி நின்று, பெய்யாமல் போனது. அறுப்புக்கு முன்னால் அடித்த காற்றில் பாதி வயல் சாய்ந்துவிட்டது. இதையெல்லாம் நன்றிப் பாட்டில் எப்படிச் சொல்வது, சொல்லலாமா என்று தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பாட்டு வர வேண்டிய இடத்தில் வந்துவிட்டது. கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. நான்கு வரிப் பாட்டில்தான் அது இல்லை.

முதலில் அந்த ‘உழவனின் வியர்வைத் துளி’யை எடுத்துக்கொள்வோம். இது யார் பேசும் வரி? வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் பேசுவது. உங்கள் வீட்டில் யாரும் அப்பாவை ‘உழவன்’ என்று சொல்லமாட்டீர்கள், அவருடைய வியர்வையைத் துளித்துளியாகப் பார்த்ததும் கிடையாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விவசாயக் குடும்பமே மேடையேறி உழவனின் வியர்வைக்கு நன்றி சொன்னால், தனக்குத் தானே நன்றி சொல்லிக்கொண்டதாகிவிடும். விருந்துக்கு வந்தவர்கள் சொல்ல வேண்டிய வரி அது. உங்கள் பாட்டில் நீங்கள் நன்றி சொல்லும் இடத்தில் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் உழைப்பைப் பற்றி ஒரே ஒரு சொல் போதும். மற்ற வரிகள் எல்லாம் உங்கள் கையில் இல்லாதவற்றுக்குப் போகட்டும்.

உங்கள் கையில் இல்லாதவை எவை என்பது ஊரில் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ‘மாமழையே நன்றி’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெய்யாமல் நின்றதற்காக மழைக்கு நன்றி சொல்ல விவசாய வீட்டில் பிறந்தவரால்தான் முடியும். நெற்பூ முற்பகலில் திறக்கிறது, ஓரிரு மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. வயல் முழுவதும் பூத்து முடியப் பல நாள் ஆகும். அந்த நாட்களில் மழை வலுத்தால் மகரந்தம் வீணாகி, மணி பிடிக்க வேண்டிய இடம் வெறும் உமியாக, பதராக நின்றுவிடும். தூற்றும்போதுதான் எவ்வளவு போனது என்று தெரியும். நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான் பாட்டின் நடுப்பகுதி. இதை விளக்கமாகச் சொன்னால் பாடமாகிவிடும். பயிர், மேகம், மழையின் பொறுமை, பதர் ஆகிய நான்கையும் நான்கு வரியில் அடுத்தடுத்து வைத்தால் போதும். வயல் தெரிந்தவருக்கு முழுக்கதையும் புரியும், தெரியாதவருக்கும் ஓர் ஆபத்து விலகிப் போனது தெரியும்.

வரி எழுதும் முன்னால் அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துவிடலாம். கை தட்டிக்கொண்டு பாடும் பாட்டுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. குறிலை அடுத்து ஒற்று வந்தால் சேர்த்து இரண்டு. நெடிலுக்குப் பின்னால் வரும் ஒற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். (இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை. நான் சொல்வது பாடும்போது காது போடும் கணக்கு.) இப்படி எண்ணினால் உங்கள் முதல் வரியில் ‘சூரியனே’ ஆறு, ‘உனக்கு’ நான்கு, ‘நன்றி’ மூன்று. இரண்டாவது வரியும் அதேபோல் ஆறு, நான்கு, மூன்று. அதனால்தான் அதுவரை சேர்ந்து வருகிறது. மூன்றாவது வரியில் ‘உழவனின்’ ஐந்து, ‘வியர்வைத்’ ஐந்து, ‘துளியே’ நான்கு. கை ஒரு இடத்தில் விழுகிறது, சொல் வேறு இடத்தில் தொடங்குகிறது. பாடுகிறவர்கள் மேல் குற்றமில்லை.

குழந்தைகளும் பாட்டிமாரும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் சீருக்கு நான்கு மாத்திரை, வரிக்கு நான்கு சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீரின் தொடக்கத்திலும் ஒரு தட்டு. நீங்கள் சொன்ன அந்த மேகத்தை இந்தக் கணக்கில் இப்படி உட்கார வைக்கலாம்:

கதிரில் பூவாய் நின்றது பயிரே
கருத்த மேகம் வந்தது மேலே
பெய்யா தங்கே நின்றாய் மழையே
பதரா காமல் காத்தாய் நீயே

எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு சீரும் நான்குதான். ‘மழையே’ என்பதில் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரையாகிவிடும், அதனால் அதுவும் சரி. எல்லா வரியும் ‘ஏ’யில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். கூட்டமாகப் பாடும்போது வரிக்கடைசியில் வாய் திறந்து நீட்ட ஓர் உயிர் வேண்டும். உங்கள் வரிகளில் மூன்று ‘நன்றி’ என்று குறிலில் முடிகின்றன. அதை நீட்டினால் ‘நன்றீஈ’ என்று இழுவையாகும், நீட்டாவிட்டால் வெட்டுப்பட்டது போல நிற்கும். நன்றியை வரியின் தலைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அப்புறம், மழையிடம் பேசும் வரியில் மழையிடம் மட்டும் பேசுங்கள். நடுவில் காற்றையும் சூரியனையும் சேர்த்தால் பெயர்ப்பட்டியலாகிவிடும். இந்தப் போகத்தில் சூரியன் உங்களுக்குத் தனியாக ஏதாவது செய்ததா? கடிதத்தில் இல்லை. அப்படியானால் இந்தப் பாட்டிலும் அது வேண்டாம்.

பக்கத்து வயல்காரர் கட்டாயம் வர வேண்டும். மனிதருக்குச் சொல்லும் நன்றியில் அவர் கொடுத்ததைச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். கொடுத்தபோது அவர் நிலைமை என்ன என்பதுதான் மீதி. உங்களுக்கே தண்ணீர் இல்லையென்றால் அவருக்கு மட்டும் ஏராளமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்படித்தான் என்றால்:

அடுத்த வயலார் நீரைத் தந்தார்
அவரும் நீரைத் தேடும் நாளில்

அவருக்கு உண்மையிலேயே தண்ணீர் மிச்சம் இருந்தது என்றால் இரண்டாவது வரியை மாற்றிவிடுங்கள். விழாவில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இல்லாததைப் பாடினால் அவருக்குத்தான் கூச்சம். அறுக்க வந்த ஆட்களுக்கும், சாய்ந்த பயிரைக் குனிந்து பொறுக்கியவர்களுக்கும் இதேபோல இரண்டிரண்டு வரி எழுதலாம். யாரைப் பற்றி எழுதினாலும் ‘உதவினார்’ என்று பொதுவாக முடிக்காமல், கையால் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

இனி சாய்ந்த பாதி. இதைத்தான் நீங்கள் அதிகம் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஊருக்கே தெரிந்த நட்டத்தை மறைத்துவிட்டு நிறைந்த களஞ்சியம் என்று பாடினால் கேட்கிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதே சமயம், நட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘காற்றே, எங்களுக்குப் பாடம் புகட்டினாய், நன்றி’ என்கிற மாதிரி வரி வந்தால் உடனே அடித்துவிடுங்கள். பாதிப் பயிரை இழந்த எந்த வீடும் அப்படி நினைக்காது. நடந்ததை ஒரு வரியில் வைத்து, அதைப் பார்த்திருந்த மண்ணிடம் பேசினால் போதும்:

சாய்ந்தது பாதி நின்றது பாதி
எல்லாம் கண்டாய் மண்ணே நீயே

இங்கே ‘பாதி’ மூன்று மாத்திரைதான். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். மீதி ஒரு மாத்திரையில் குரல் சற்று நிற்கும், அந்த இடத்தில் அந்த நிற்றல் தேவை. கணக்கைத் தெரிந்துகொண்டு மீறினால் இப்படி ஒரு பயன் உண்டு. இந்த இரண்டு வரியும் கடைசியில் வர வேண்டாம். மேகத்துக்கு அடுத்து, நடந்த வரிசையிலேயே வரட்டும். அதற்குப் பிறகும் பாட்டு தொடர்கிறது என்பதே கேட்கிறவர்களுக்கு ஆறுதல்.

பல்லவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரணங்களை உங்கள் வீட்டார் பாடுவார்கள், பல்லவியைக் கூட்டம் முழுவதும் பாடும். பிறருடைய வயலில் நடந்ததைக் கூட்டம் ‘நாங்கள்’ என்று பாட முடியாது, ஆனால் பாட்டு முடிவதற்குள் அவர்களும் உள்ளே வந்தாக வேண்டும். இரண்டுக்கும் பல்லவியிலேயே இடம் வையுங்கள்:

நன்றி மண்ணே நன்றி மழையே
நாங்கள் நட்டோம் நாமுண் போமே

இங்கே ‘நன்றி’யும் ‘பாதி’யைப் போல மூன்று மாத்திரைதான், மீதி ஒரு மாத்திரையில் குரல் சற்று நிற்கட்டும். முதல் வரியை எல்லோரும் பாடட்டும். ‘நாங்கள் நட்டோம்’ உங்கள் வீட்டார் மட்டும். ‘நாம் உண்போமே’ மறுபடி எல்லோரும். முன்னே சொன்ன அந்த உழைப்புக்கான ஒரே சொல்லும் இங்கே ‘நட்டோம்’ என்று வந்துவிட்டது, அதற்கு மேல் வேண்டாம்.

நான் எழுதிக் காட்டியவை எழுத்துத் தமிழில் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பேச்சிலேயே பாடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் தாராளமாக மாற்றுங்கள். ‘பெய்யாம நின்ன மழையே’ என்பதும் அழகுதான். மாற்றினால் மாத்திரையை மட்டும் மறுபடி எண்ணிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் தாளைக் கொடுக்காமல் நீங்கள் இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். பிறகு வீட்டில் மூத்தவரையும் சின்னவரையும் பாடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே வரியில் தடுமாறினால் அந்த வரியின் சீரை எண்ணிப் பாருங்கள். கணக்கு சரியாக இருந்தும் தடுமாறினால் அதில் வீட்டில் புழங்காத சொல் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அடுத்த போகத்துக்குப் பல்லவியை அப்படியே வைத்துக்கொண்டு, சரணங்களை அந்தப் போகத்தில் நடந்ததற்கேற்ப புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்.