இடைவெளிக்குள் பூஜ்ஜியம் இருந்தால் இரண்டு மருந்தும் ஒன்றுதானா?

கேள்வி: R மென்பொருளில் உள்ள sleep தரவை வைத்துப் பயிற்சி செய்தேன். இரண்டு தூக்க மருந்துகளின் சராசரிகளுக்கு இடையே 1.58 மணி நேர வித்தியாசம் வந்தது. ஆனால் 95% நம்பிக்கை இடைவெளி −0.21 முதல் 3.37 வரை என்கிறது. பூஜ்ஜியம் உள்ளே இருப்பதால் “இரண்டு மருந்துகளும் சமம்” என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில்: அப்படி எழுதக் கூடாது. நீங்கள் பெற்ற இடைவெளியின் இரு முனைகளையும் மணிக்கணக்கில் வாசித்துப் பாருங்கள். இரண்டாம் மருந்து முதல் மருந்தைவிடச் சுமார் 12 நிமிடத் தூக்கத்தைக் குறைக்கக்கூடும் என்பதில் தொடங்கி, மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கூட்டக்கூடும் என்பது வரை, இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. பூஜ்ஜியம் அந்த நீண்ட வரிசையில் ஓர் எண் மட்டுமே. 1, 2, 3 மணி நேரங்களும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஆகவே இந்த இடைவெளி சொல்வது, எந்த மருந்து மேலானது என்பதை இக்கணக்கைக் கொண்டு 95% அளவில் உறுதிசெய்ய முடியவில்லை என்பதுதான். சமம் என்று சொல்ல வேண்டுமானால், எவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி முழுவதும் −0.25க்கும் 0.25க்கும் இடையில் அடங்க வேண்டும். உங்களுடைய இடைவெளி அதற்கு அருகில்கூட இல்லை.

இடைவெளி ஏன் இவ்வளவு அகலமாக வந்தது என்பதுதான் இத்தரவில் கவனிக்க வேண்டிய விஷயம். 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வில்லியம் கோசெட் எழுதிய கட்டுரையில் இடம்பெற்ற அளவுகள் இவை. இருபது எண்கள் இருந்தாலும் நோயாளிகள் பத்துப் பேர்தான். ஒவ்வொருவரும் இரண்டு மருந்துகளையும் உட்கொண்டவர்கள். நீங்கள் அவர்களைத் தொடர்பில்லாத இரு குழுக்களாகக் கருதிக் கணக்கிட்டிருக்கிறீர்கள். அவ்வாறு செய்யும்போது திட்டப் பிழை இரண்டு குழுக்களின் சிதறலையும் கூட்டி வருகிறது: √(3.20/10 + 4.01/10), அதாவது 0.85. அதை t-அட்டவணை மதிப்பான 2.10ஆல் பெருக்கினால் 1.79, வித்தியாசமான 1.58இன் இருபுறமும் அதை வைத்தால் உங்கள் விடை கிடைக்கிறது.

அந்தச் சிதறலில் பெரும்பகுதி மருந்தால் வந்ததன்று. ஏழாம் நோயாளிக்கு முதல் மருந்தில் 3.7 மணி நேரமும் இரண்டாவதில் 5.5 மணி நேரமும் தூக்கம் கூடியிருக்கிறது. நான்காம் நோயாளிக்கோ முதலாவதில் 1.2 மணி நேரம் குறைந்து, இரண்டாவதில் 0.1 மட்டுமே கூடியிருக்கிறது. எந்த மருந்து கொடுத்தாலும் நன்றாகத் தூங்குபவர், எதற்கும் அதிகம் அசையாதவர் என்று ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வேறுபாடு, ஒருவருக்குள்ளேயே ஒப்பிட்டால் கழிந்துவிடும். பத்துப் பேருக்கும் தனித்தனியே வித்தியாசம் எடுத்தால் 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4 என வருகிறது. சராசரி அதே 1.58தான், ஆனால் திட்டப் பிழை 0.39ஆகச் சுருங்குகிறது, இடைவெளி 0.70 முதல் 2.46 வரை என மாறுகிறது. பூஜ்ஜியம் வெளியே போய்விட்டது. இரண்டையும் நீங்களே இயக்கிப் பார்க்கலாம்:

```
a <- sleep$extra[sleep$group == 2]
b <- sleep$extra[sleep$group == 1]
t.test(a, b)
t.test(a, b, paired = TRUE)
```

ஒன்பதாம் நோயாளியின் 4.6 மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பத்துப் பேர் மட்டுமே உள்ள தரவில் இப்படி ஓர் எண் முடிவையே சாய்த்துவிடக்கூடும் என்பதால், அதை விலக்கியும் ஒருமுறை கணக்கிடுவது நல்லது. இங்கே அப்படிச் செய்தால் 0.74 முதல் 1.75 வரை என்று கிடைக்கிறது. முடிவின் திசை மாறவில்லை. ஆயினும் அறிக்கையில் தர வேண்டியது பத்துப் பேரையும் சேர்த்த இடைவெளியைத்தான்.

இதைப் பார்த்துவிட்டு, பூஜ்ஜியம் உள்ளே வரும்போதெல்லாம் paired = TRUE சேர்த்துப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஜோடியா இல்லையா என்பதை அளவுகள் எடுக்கப்பட்ட விதம் தீர்மானிக்கிறது. பத்துப் பேருக்கு ஒரு மருந்தும் வேறு பத்துப் பேருக்கு மற்றொன்றும் கொடுத்திருந்தால், உங்களுடைய முதல் கணக்கே சரியானது. அந்த நிலையில் எழுத வேண்டிய வாக்கியம் இது: “இரண்டாம் மருந்தில் சராசரித் தூக்கம் 1.58 மணி நேரம் கூடுதலாக இருந்தது (95% நம்பிக்கை இடைவெளி −0.21 முதல் 3.37 வரை), வித்தியாசத்தின் திசையை இத்தரவு உறுதிசெய்யவில்லை, பெரிய வித்தியாசம் இருக்கும் வாய்ப்பையும் விலக்கவில்லை.”