கடைக்கு வாங்கிய கடனின் வட்டி: எவ்வளவு கழிக்கலாம்?

கேள்வி: ஐயா, பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன், என் பெயரில்தான் பதிவு. 2024 டிசம்பரில் பேங்கில் 80,000 வெள்ளி கடன் எடுத்தேன். சரக்கும் ஃபிரீசரும் வாங்கினேன், 20,000 வெள்ளி மகள் காலேஜ் ஃபீஸுக்குப் போனது. மாதம் 1,584 வெள்ளி கட்டுகிறேன். முழுத் தவணையையும் செலவாகக் காட்டலாமா? எந்தப் பேப்பரை வைத்திருக்க வேண்டும்?

பதில்: முழுத் தவணையைக் காட்டாதீர்கள். அதில் அசலும் இருக்கிறது, அசலைத் திருப்பிக் கட்டுவது வரிக் கணக்கில் செலவே இல்லை. பேங்க் தரும் கடன் ஸ்டேட்மெண்டில் வட்டி தனி, அசல் தனி என்று இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் தவணையை வைத்து ஏழு சதவீத வட்டி என்று கொண்டால் 2025-இல் கட்டிய 19,008 வெள்ளியில் வட்டி சுமார் 5,160தான்.

அந்த வட்டியும் முழுதாகக் கிடைக்காது. 1967 வருமான வரிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, கடன் வாங்கிய பணம் வருமானம் ஈட்டவோ, அதற்கான சொத்து வாங்கவோ போயிருந்தால் மட்டுமே வட்டியைக் கழிக்க விடுகிறது. எந்தப் பெயரில் கடன் வாங்கினீர்கள் என்பதல்ல, பணம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. உங்கள் 80,000-இல் 60,000 கடைக்குப் போனது, அதாவது முக்கால் பங்கு, ஆகவே கழிக்கக்கூடிய வட்டி 3,870 வெள்ளி. மீதி 1,290 காலேஜ் ஃபீஸின் பங்கு, அதைத் தொடாதீர்கள். ஃபிரீசரின் விலையைச் செலவாக எழுத முடியாது, அதற்கு மூலதன அலவன்ஸ்தான் உண்டு, ஆனால் அதை வாங்கிய கடனுக்கான வட்டி இந்த 3,870-க்குள் அடங்கும். (நாளைக்கு ஃபிரீசரை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதன் பங்கு வட்டியும் போய்விடும்.)

இனி பேப்பர். பலர் கடன் ஒப்பந்தத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, பணம் போன தடத்தை விட்டுவிடுகிறார்கள். கடன் பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழுந்து, அங்கிருந்தே சரக்குக்கும் ஃபீஸுக்கும் போயிருந்தால், இன்றைக்கே ஒரு தாளில் தேதி, தொகை, யாருக்கு, எந்த பில் என்று எழுதி 80,000 வரை கூட்டிப் பாருங்கள். கூட்டல் சரியாக வரவில்லை என்றால் ஏதோ ஒரு பில் காணவில்லை, சப்ளையரிடம் இப்போதே நகல் கேளுங்கள், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அந்தத் தாளோடு கடன் கடிதம், பணம் விழுந்த மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், சப்ளையர் பில்கள், வருட வட்டி ஸ்டேட்மெண்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

பாரம் பி-யை ஜூன் 30-க்குள் அனுப்பும்போது இவற்றை இணைக்கத் தேவையில்லை, ஆனால் ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்: 2025-இன் ஆவணங்கள் 2032 கடைசி வரை. கடன் முடியும்வரை ஒவ்வொரு வருடமும் இதே முக்கால் கணக்குதான் என்பதால், 2024 டிசம்பர் பில்கள் கடைசித் தவணை வருடத்துக்கும் சாட்சி. அதனால் அவற்றை அந்தக் கடைசி வருடத்திலிருந்து ஏழு எண்ணி வையுங்கள். மெஷின் ரசீதுகளின் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும், ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கொண்டுவந்தது வெறும் வெள்ளைத் தாள்கள்தான். வாங்கிய அன்றே போட்டோகாப்பி எடுங்கள்.